வீடு யாருக்குன்னு மட்டும் எழுதினா போதுமா?

பூர்வீக வீட்டை யார் வச்சுக்கிறதுங்கிறதுல எங்க ஊர்ப்பக்கம் பெரிய சண்டை வர்றதில்லை. ஊர்ல இருக்கிறவனுக்குத்தான்னு எல்லாரும் தலையாட்டிடுவாங்க. மத்தவங்களுக்கு எவ்வளவு, எப்பங்கிறதுலதான் உறவு அறுந்து போகுது. அதனால வீட்டை வச்சுக்கப் போறவர்தான் முதல்ல கடிதம் எழுதணும், அதுல தொகையும் தேதியும் இருக்கணும் என்பது என் கருத்து.

நாங்க நாலு பேர். அக்கா, அண்ணன், நான், தங்கச்சி. அப்பாவும் அம்மாவும் உயில் எழுதாம போயிட்டாங்க. வீட்டுல இருக்கிறது நான்தான், கடிதமும் நான்தான் எழுதினேன். வீட்டோட சேர்த்து 13 சென்ட். ஓட்டு வீட்டுக்குத் தனியா விலை வைக்கலை. பக்கத்துல மனை விலை போனதைப் பார்த்து சென்ட் 2 லட்சம்னு 26 லட்சம் போட்டோம். அரசு வழிகாட்டி மதிப்பு இதைவிடக் குறைவு. அதை வச்சுக் கணக்குப் பார்த்தா மத்த மூணு பேருக்கும் நஷ்டம். கூரை மாத்த நான் செலவு பண்ணின 2 லட்சத்தைக் கழிச்சு, மீதி 24 லட்சத்தை நாலாப் பிரிச்சா ஆளுக்கு 6 லட்சம்.

மொத்தமா 18 லட்சம் என்கிட்ட இல்லை. அண்ணன் பணத்துக்குப் பதிலா கிணத்தடியில என் பங்கு நிலத்தை அதே மதிப்புக்கு எடுத்துக்கிட்டார். அக்காவுக்கு உடனே 6 லட்சம். தங்கச்சிக்கு இந்த மாசியில மஞ்சள் வித்து 3, அடுத்த மாசியில 3. பத்திரச் செலவு என்னுது.

கடிதத்துல "இன்று முதல் வீடு எனக்கே"ன்னு எழுதலை. அப்படி எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டா அதுவே உரிமையை மாத்துற பத்திரம் ஆயிடும். பதிவு பண்ணாம கோர்ட்டுல நிக்காது. இது யோசனைதான், அவங்கவங்க பணம் கைக்கு வந்த அன்னைக்குப் பதிவு அலுவலகத்துல விடுதலைப் பத்திரம்னு எழுதினேன். தங்கச்சி கடைசி 3 லட்சம் வாங்கின பிறகுதான் கையெழுத்துப் போடுவா. அதுவரை அவ பங்கு அவளுக்கே. நான் தவணை தவறினா, பாக்கிப் பங்குக்கு அன்னைய விலையில திரும்பப் பேசணும்.

"தங்கச்சிக்குத்தான் நகை போட்டு, சீர் செஞ்சாச்சே"ன்னு ஒரு பெரியவர் சொன்னார். சீர் வேற, பங்கு வேற. 2005-ல இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தின பிறகு பூர்வீகச் சொத்துல பெண்ணுக்கும் பையனுக்குச் சமமான பங்குதான்.

டவுன்ல இருக்கிற உங்களுக்கு ஊர்ல இருந்து இப்படி ஒரு கடிதம் வந்தா, விலை எதை வச்சுப் போட்டாங்கன்னு கேளுங்க. "பணம் பெற்றுக்கொண்டேன்"னு எழுதின பத்திரத்துல, பணம் வராம கையெழுத்துப் போடாதீங்க. அண்ணன் தம்பி மேல நம்பிக்கை இல்லையான்னு கேப்பாங்க. நம்பிக்கை கெடாம இருக்கத்தான் இந்த எழுத்தே.