படத்துக்குக் கீழே ஒரு வரி

வைகாசிப் பொங்கலன்று பின்னேரம் வற்றாப்பளை கண்ணகை அம்மன் கோயில் வீதியில் நானும் என் பழைய கூட்டாளியும் நின்று ஒரு படம் எடுத்தோம். முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலிலிருந்து கடல்நீரில் எரியும் விளக்கு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. சனம் நெருக்கியடித்ததில் இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டித்தான் நின்றோம். நாங்கள் கதைத்துப் பதினொரு வருடங்கள் ஆகியிருந்தன.

“முகநூலில போடு மச்சான். நீதானே எழுதிறனி, கீழ ஒரு வரி எழுதிவிடு” என்றான்.

அன்றிரவு அந்த ஒரு வரிக்காக நெடுநேரம் விழித்திருந்தேன். 2009 இல் முள்ளிவாய்க்கால் பக்கம் ஆளையாள் தவறவிட்டு, பிறகு செட்டிக்குளம் முகாமில் கண்டுபிடித்து, அவன் வெளிநாடு போனபின் சில காலம் தொலைபேசியில் கதைத்து, அப்படியே நின்றுபோன சிநேகம் எங்களுடையது. ஏன் நின்றது என்று கேட்டால் அவனிடம் ஒரு கணக்கு இருக்கும், என்னிடமும் ஒன்று இருக்கிறது. இரண்டையும் இங்கே எழுதப்போவதில்லை.

முதலில் எழுதியது: “என்னிலும் பிழை இருக்கிறது.” பணிவான வரிதான் என்று நினைத்தேன். திரும்ப வாசித்தபோது அந்த ‘உம்’ உறுத்தியது. நன்னூல் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறது, அதில் ஒன்று எச்சம். ‘அவனும் வந்தான்’ என்றால் வேறொருவரும் வந்தார் என்பது சொல்லாமலே விளங்கும். அதேபோல ‘என்னிலும் பிழை’ என்றால் முதற்பிழை உன்னில் என்றாகிறது. மன்னிப்புக் கேட்கிற வாக்கியத்துக்குள்ளேயே ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. ஊரில் எத்தனை சமாதானங்கள் இந்த ஓர் உம்மையில் குழம்பியிருக்கின்றன! “என்னிலயும் பிழைதான்” என்று ஒருவர் தொடங்க, “அப்ப என்னிலயும் எண்டுறியோ?” என்று மற்றவர் எழும்பிவிடுவார்.

அடுத்தது: “நடந்ததையெல்லாம் மறந்துவிட்டேன்.” இது இன்னும் மோசம். மறக்கிறவன் மேலே நிற்கிறான், மறக்கப்பட வேண்டியதைச் செய்தவன் கீழே நிற்கிறான். அவனை அந்த இடத்தில் நிறுத்த எனக்கு மனமில்லை.

பிறகு வினையை மாற்றிப் பார்த்தேன். தமிழில் ‘முறித்தான்’ என்றும் சொல்லலாம், ‘முறிந்தது’ என்றும் சொல்லலாம். முன்னதற்கு ஓர் ஆள் வேண்டும். பின்னதற்கு வேண்டாம். “கதை நின்றுபோனது” என்று எழுதினால் நிறுத்தியவன் யார் என்று யாரும் தேட வேண்டியதில்லை. எங்கள் விஷயத்தில் அது உண்மையும்கூட. முதலாவது மாதம் வேலை, அடுத்த மாதம் கோபம், அதற்கடுத்த வருடம் வெட்கம் என்று இரண்டு பக்கமும் சேர்ந்துதான் அது நின்றது.

ஆனால் இந்த வினையை எல்லா இடத்திலும் எழுதக்கூடாது. 2017 முதல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் பிள்ளைகளின் படங்களோடு தெருவோரம் இருக்கும் தாய்மார் ‘காணாமல் போனோர்’ என்ற சொல்லை ஏற்கமாட்டார்கள். ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றுதான் சொல்வார்கள். அங்கே செய்தவர் இருக்கிறார். ஆளில்லாத வினை அவரை ஒளித்துவிடும். எவரையும் குற்றம் சொல்லாமல் எழுதும் உரிமை, எவரும் அநியாயம் செய்யாத இடத்தில் மட்டும்தான் உண்டு. இரு கூட்டாளிகளின் மௌனம் அப்படியான இடம் என்று எனக்கு நிச்சயமானபிறகே அந்த வினையைத் தொட்டேன்.

அப்போது விஸ்வநாதன்–ராமமூர்த்தி ஞாபகம் வந்தது. 1965 இல் பிரிந்தவர்கள். காரணம் பற்றி ஊருக்கு ஊர் ஒரு கதை உண்டு. முப்பது வருடங்கள் கழித்து, 1995 இல், ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்குச் சேர்ந்து இசையமைத்தார்கள். இரண்டு பெயரும் மறுபடி ஒன்றாக வந்தன. அந்தப் பெயர்களே போதுமாயிருந்தன.

“கதை நின்றுபோனது” என்ற வரியையும் அழித்தேன். நின்றதைப் பற்றி எழுதினால் வாசிக்கிற உறவினர் எல்லோரும் ‘ஏன்’ என்று கேட்பார்கள், பதில் சொல்லும்போது எங்களில் ஒருவன் குற்றவாளி ஆவான். உம்மையின் எட்டுப் பொருளில் எண்ணும்மையும் ஒன்று. அது யாரையும் சுட்டாது, சேர்த்து எண்ணும். அதை எடுத்துக்கொண்டேன்.

“நானும் மச்சானும். வற்றாப்பளை, வைகாசிப் பொங்கல்.”

அவனுக்கு அனுப்பினேன். விடியப்புறம் பதில் வந்தது: “சரி, போடு. பின்னேரம் வீட்டை வாறன்.”