“படிக்கிறதுக்கும் லீவா, பிள்ள?”

பரீட்சை நாளுக்கு லீவு கேட்டால் எங்கள் முகாமையாளர் முகத்தைச் சுளிப்பார், ஆனாலும் தந்துவிடுவார். பரீட்சைக்கு முன்னால் படிப்பதற்கென்று ஒரு கிழமை கேட்டுப் பாருங்கள். கடிதத்தில் அந்த வரிக்கு மட்டும் சிவப்புப் பேனையால் கோடு இழுத்துவிட்டு, “படிக்கிறதுக்கும் லீவா, பிள்ள? அத இரவில செய்யலாந்தானே?” என்பார்.

எந்த இரவில் என்று எனக்குத் தெரியவில்லை. மட்டக்களப்பு நகரத்தில் புடவைக்கடை பூட்டி, கணக்கு முடித்து, வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுக்கு வந்து சேரும்போது வீட்டில் சோறு ஆறியிருக்கும். குளித்து, சாப்பிட்டு, அரசியல் விஞ்ஞானப் புத்தகத்தை விரித்தால் இரண்டாம் பக்கத்திலேயே கண் சொருகும். நாள் முழுக்க நின்று துணி விரித்துக் காட்டியவளுக்கு இரவு என்பது தூங்கத்தான். பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு முன் வகுப்பை நிறுத்திப் படிக்க விடுகிறார்கள். அதே வினாத்தாளை எழுதும் தனிப்பட்ட பரீட்சார்த்திக்கு மட்டும் அந்த நாட்கள் ஆடம்பரமாகிவிடுகின்றன.

இது என் ஒருத்தியின் பிரச்சினையும் இல்லை. 2024ஆம் ஆண்டு க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்ற இருந்த மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 80,000 பேர் தனிப்பட்ட பரீட்சார்த்திகள். பல்கலைக்கழக அனுமதிக்கு ஒருவர் மூன்று தரம்தான் தோற்றலாம். முதல் தரம் வெட்டுப்புள்ளி எட்டாமல் போனவர்கள் அடுத்த தரம் எழுதும்போது, வீட்டு நிலைமையால் ஏதாவதொரு கடையிலோ அலுவலகத்திலோ வேலைக்குச் சேர்ந்திருப்பார்கள். படுவான்கரையில் இருந்து பாலம் கடந்து நகரத்து வேலைக்குப் போகிற பெட்டை பொடியன்களில் இப்படிப்பட்டவர்கள் நிறைய.

இனிச் சட்டத்துக்கு வருவோம். தனியார் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பொருந்துவது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். அதில் பரீட்சை லீவு என்று தனியாக ஒன்றும் இல்லை. அதனால்தான் முகாமையாளர்மார் “சட்டத்தில இல்லையே” என்று கையை விரிக்கிறார்கள். ஆனால் அந்தச் சட்டத்தில் இரண்டு லீவுகள் இருக்கின்றன. ஒன்று, வருடத்துக்கு 7 நாள் அமைய லீவு. சொந்த அலுவல், சுகவீனம், வேறு நியாயமான காரணம் எதற்கும் அதை எடுக்கலாம். பரீட்சை சொந்த அலுவல் இல்லாமல் வேறென்ன? ஆகவே காய்ச்சல் என்று பொய் சொல்லி, மருத்துவச் சான்றிதழுக்குக் காசு கொடுத்து லீவு எடுக்க வேண்டிய தேவையே கிடையாது. பிறகு பரீட்சை மண்டபத்து வாசலில் கடை வாடிக்கையாளர் கண்டுவிட்டார் என்று நடுங்கவும் தேவையில்லை.

மற்றது வருடாந்த லீவு. முழுதாய் உழைத்த வருடத்துக்கு அடுத்த வருடம் 14 நாள். இதில் குறைந்தது 7 நாளைத் தொடர்ச்சியாகக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்த ஒரு வசனம் எங்கள் கடையில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. படிப்பதற்கு ஒரு கிழமை கேட்பது சலுகை கேட்பதல்ல. எப்படியும் தர வேண்டிய தொடர் லீவை எந்தக் கிழமையில் எடுப்பது என்று பேசித் தீர்ப்பதுதான். திகதி விடயத்தில் நிறுவனத்துக்கும் சொல் உண்டு, மறுக்கவில்லை. நத்தார் வியாபாரம் உச்சத்தில் இருக்கும் கிழமையை ஒருவர் கேட்டால் எந்த முகாமையாளருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் பரீட்சை நவம்பர் கடைசியில் தொடங்குகிறது என்றால், அதற்கு முந்திய கிழமையில் கடையில் அப்படி என்ன பெரிய சனம்?

புதிதாய்ச் சேர்ந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். சேர்ந்த வருடத்தில் வருடாந்த லீவே இல்லை. அடுத்த வருடம் கிடைப்பது சேர்ந்த மாதத்தைப் பொறுத்தது. ஜனவரியில் இருந்து மார்ச்சுக்குள் சேர்ந்தால் 14, ஜூனுக்குள் என்றால் 10, செப்டெம்பருக்குள் என்றால் 7, அதற்குப் பிந்தினால் 4. என்னோடு வேலை செய்த கன்னன்குடாப் பிள்ளை ஒருத்தி 2023 ஓகஸ்டில் சேர்ந்தவள். ஆகவே 2024இல் அவளுக்கு 7 நாள். அமைய லீவில் பாதி, வருட நடுவில் தாயின் சுகவீனத்துக்கும் ஊரில் ஒரு செத்தவீட்டுக்கும் போய்விட்டது. கலைப்பிரிவில் மூன்று பாடம், பாடத்துக்கு இரண்டு வினாத்தாள், அதோடு பொது ஆங்கிலமும் பொதுச் சாதாரணப் பரீட்சையும். இவை அடுத்தடுத்த நாட்களில் வருவதில்லை. நாலு கிழமைக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சிதறிக் கிடக்கும். அவள் நன்றாகவே திட்டமிட்டாள். வருடாந்த லீவு ஏழையும் பரீட்சைக்கு முன் தொடர்ச்சியாக எடுத்தாள். மிச்ச அமைய லீவைப் பரீட்சை நாட்களுக்கு வைத்தாள். போதாத நாட்களுக்குச் சம்பளமற்ற லீவு என்று கடிதத்திலேயே எழுதிக்கொடுத்தாள்.

வானம் அதைக் கெடுத்தது. அந்த வருடப் பரீட்சை நவம்பர் 25ஆம் திகதி தொடங்கியது. இரண்டு நாள் நடந்ததோடு மழையாலும் வெள்ளத்தாலும் நிறுத்தினார்கள். மறுபடி தொடங்கியது டிசம்பர் 4ஆம் திகதி. டிசம்பர் 20இல் முடிய வேண்டியது மாதக் கடைசிவரை இழுபட்டது. மழை கூடினால் வலையிறவு வீதியில் தண்ணீர் ஏறும் என்பது இந்த ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பரீட்சையும் இல்லை, வேலைக்குப் போகப் பாதையும் இல்லை. அந்த நாட்களில் அவள் வீட்டில் இருந்ததற்கு, “நீ கேட்ட திகதிதானே” என்று அமைய லீவில் வெட்டினார்கள். பிறகு புதுத் திகதிகள் வந்தபோது கையில் லீவு இல்லை. எல்லாம் சம்பளமற்ற லீவாய்ப் போனது. வருகைக்கொடுப்பனவும் அந்த மாதம் இல்லை.

மாரியில் பரீட்சை வைத்தால் இப்படித்தான் நடக்கும். 2025ஆம் ஆண்டுப் பரீட்சை நவம்பர் 10இல் தொடங்கி, டித்வா புயலால் மாதக் கடைசியில் நின்று, மிச்சப் பாடங்கள் 2026 ஜனவரியில் நடந்தன. பழைய வருடத்து அமைய லீவைப் பரீட்சைக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தவர்களுக்கு அது டிசம்பர் 31ஆம் திகதியோடு காலாவதி. புது வருட லீவை ஜனவரியிலேயே தின்ன வேண்டியதாயிற்று.

அரச அலுவலகத்தில் வேலை செய்கிற என் மச்சாளிடம் இதையெல்லாம் சொன்னால் சிரிக்கிறாள். அவளுக்கு வருடத்தில் அமைய லீவு 21, ஓய்வு லீவு 24. ஒரே பாலத்தால்தான் இருவரும் வேலைக்குப் போகிறோம்.

சரி, கடிதத்தை எப்படி எழுதுவது? எங்கள் ஆட்கள் பெரும்பாலும் எழுதுவது, “எனக்குப் பரீட்சை இருப்பதால் ஒரு மாத கால விடுமுறை தந்துதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்” என்ற ஒரே வசனம். இதைப் பார்த்தால் எந்த முகாமையாளரும் முதலில் காண்பது அந்த “ஒரு மாதம்” மட்டுந்தான். உண்மையில் கேட்பது அதில் பாதிகூட இருக்காது. தாழ்மை கூடி விபரம் குறைந்த கடிதம் அது. நான் இப்போது மற்றவர்களுக்கு எழுதிக்கொடுப்பது இப்படி:

“ஐயா, இவ்வருட க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றவுள்ளேன். நேர அட்டவணையின் பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. என் பாடங்களுக்குரிய திகதிகளுக்குக் கோடிட்டுள்ளேன். அனுமதி அட்டை கிடைத்ததும் அதன் பிரதியைத் தருவேன். பரீட்சை தொடங்குமுன் வரும் ஏழு நாட்களை எனது வருடாந்த லீவிலும், பரீட்சை நாட்களை அமைய லீவிலும், போதாதவற்றைச் சம்பளமற்ற லீவிலும் அனுமதிக்கக் கோருகிறேன். இடைப்பட்ட நாட்களில் வழமைபோல் கடமைக்கு வருவேன். திணைக்களம் திகதிகளை மாற்றினால், அனுமதித்த லீவும் புதிய திகதிகளுக்கு மாற்றப்பட வேண்டும். மாற்றத்தை அறிந்த அன்றே தெரிவிப்பேன். நான் இல்லாத நாட்களில் என் பகுதியைப் பார்க்க இன்னார் சம்மதித்துள்ளார். அவரது கையொப்பம் கீழே உள்ளது.”

திகதி மாறினால் லீவும் மாறும் என்ற அந்த வசனத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கன்னன்குடாப் பிள்ளையின் கடிதத்தில் அது இருந்திருந்தால் வாதாட ஒரு பிடி இருந்திருக்கும். அனுமதி அட்டை தபாலில் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அது பரீட்சைக்குக் கிட்டத்தான் வரும். அட்டவணை வெளிவந்த உடனே கடிதத்தைக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதாக ஒப்பமும் திகதியும் வாங்கி வைத்திருங்கள். வாய்ச்சொல்லில் “பாப்பம், பாப்பம்” என்று கிடைத்த அனுமதி, மேலிடத்தில் இருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்ததும் மறைந்துபோகும்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. “பரீட்சை ரெண்டு மணித்தியாலந்தானே, காலையில எழுதிப்போட்டு மத்தியானம் வா” என்பார்கள். பகுதி ஒன்று இரண்டு மணித்தியாலந்தான், உண்மை. ஆனால் எட்டரைக்குத் தொடங்கும் பரீட்சைக்கு வவுணதீவில் இருந்து எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும், அடுத்த நாள் மூன்று மணித்தியாலப் பகுதி இரண்டு இருக்கிறதா என்பதை யாரும் கேட்பதில்லை. அடுத்த வினாத்தாளுக்கு நாலு நாள் இருக்கிறது என்றால் மத்தியானம் வருவதில் தவறில்லை, நானே போயிருக்கிறேன். மறுநாளே இருக்கிறது என்றால் அரை நாள் என்று ஒத்துக்கொள்ளாதீர்கள்.

முகாமையாளர்மாரிடம் ஒன்று கேட்கிறேன். ஒக்டோபரில் இப்படியொரு கடிதம் மேசைக்கு வந்தால் அந்தக் கிழமைக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். முடியாது என்றாலும் எழுத்திலேயே சொல்லுங்கள். முறை மாற்றிக்கொள்ள ஓர் ஆளைத் தேட எங்களுக்கு நேரம் இருக்கும். வெள்ளத்தில் பரீட்சை நின்றுபோன நாட்களை லீவில் வெட்டாதீர்கள்.