பாக்கெட் வச்சா புடைக்குமாம்!

அழகர்கோவில் போனவங்களுக்குத் தெரியும், அங்கே சாமிக்கு அடுத்தபடியா குரங்குகளோட ராஜ்ஜியம்தான். கீழேருந்து பழமுதிர்சோலைக்கு மலையேறும்போது கையில பையோ கவரோ எது இருந்தாலும் அதுங்களுக்குத் தீனின்னுதான் அர்த்தம். போன தடவை என் கைப்பையைப் பிடுங்கிட்டு ஒண்ணு மரத்துல ஏறிடுச்சு. உள்ளே செல்போன், பஸ் காசு, வீட்டுச் சாவி எல்லாம். கூட வந்த தம்பி ரெண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டுல விட்டுக்கிட்டு வேடிக்கை பார்த்தான் பாருங்க, அப்ப வந்துச்சு எனக்குக் கோபம். (பை கிடைச்சுடுச்சு. உள்ளே தின்ன எதுவும் இல்லைன்னதும் தூக்கிப் போட்டுருச்சு.)

குர்தாவுக்குப் பாக்கெட் கேட்டா எந்தக் கடையிலும் ஒரே பதில்தான்: "இடுப்புக்கிட்ட புடைச்சுக்கிட்டு நிக்கும்மா". என் கட்சி என்னன்னா, புடைக்கிறது பாக்கெட்டால இல்லை, அதைத் தைக்கிற விதத்தால. ஆனா இதைப் புரிஞ்சுக்க நானே ஒரு குர்தாவை வீணாக்க வேண்டியிருந்தது.

புது மண்டபத்துல தச்சுக்கிட்டிருந்து, இப்போ குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப்போன ஒரு அண்ணன்கிட்ட கொடுத்தேன். "அண்ணே, போன் முழுசா உள்ள போகணும்"னு மட்டும் சொன்னேன். அவரும் அதே கதர்த் துணியில சதுரமா ஒரு பை வெட்டி சைடு தையல்ல தொங்கவிட்டார். தடிமனான துணி, இன்னும் ரெண்டு மடிப்பு, அதுக்கு மேல ஓவர்லாக். புடைக்காம என்ன செய்யும்? போன் வச்சதும் குர்தா வலது பக்கமா இழுத்து, கழுத்தும் கோணலாச்சு. காத்தடிச்சா சைடு ஓப்பன் வழியா பை வெளியே எட்டிப் பார்த்துச்சு.

ரெண்டாவது தடவை டேப்பை வச்சு உட்கார்ந்தோம். என் போன் நீளம் ஆறரை இன்ச், அகலம் மூணு, எடை கிட்டத்தட்ட 200 கிராம். தோள்லேருந்து 16 இன்ச்சுல பாக்கெட் வாய் ஆரம்பிச்சு 22ல முடியுது. கை நுழைய ஆறு இன்ச் போதும். வழக்கமா எனக்கு சைடு ஓப்பன் 22லயே ஆரம்பிக்கும், அதை 24க்கு இறக்கினோம். வாய்க்குக் கீழே இன்னும் ஆறரை இன்ச் ஆழம். இது முக்கியம், ஏன்னா ஆழம் குறைஞ்சா பஸ்ல உட்காரும்போது போன் வாய் வழியா வழுக்கி சீட்ல விழுந்துடும்.

பையை சதுரமா வெட்டாம, வாய்க்குக் கீழே முன்பக்கமா வளைச்சு, ஓப்பன் ஓரத்துலேருந்து ஒன்றரை இன்ச் உள்ளே தள்ளிட்டோம். போன் இடுப்பு எலும்பு மேல உட்காராம தொடையோட முன்பக்கம் தட்டையா படுக்கும். புடைப்பு குறைஞ்சதுல பாதி இதனாலதான். பைக்கு மெல்லிசான காட்டன் லைனிங், வாய் ஓரத்துல மட்டும் குர்தா துணியில ஒரு பட்டை. கை விடும்போது லைனிங் பல்லிளிக்காது.

எடைக்கு என்ன வழி? பேண்ட்ல பாக்கெட்டோட மேல்பக்கத்தை இடுப்புப் பட்டி தாங்கும். குர்தாவுக்குப் பட்டி ஏது? அதனால பையோட மேல்பகுதியை நீட்டி, உள்பக்கம் இடுப்பு டாட் மடிப்போட சேர்த்துப் பிடிச்சுட்டார். வெளியே தையல் தெரியாது. வாய் ஓரத்துல நாடா வச்சுத் தச்சதால அது வாயைப் பிளக்கவும் இல்லை. "இதை மொதல்லயே சொல்லக்கூடாதா பாப்பா?"ன்னு அவர் கேட்டதுதான் காமெடி. எனக்கென்ன தெரியும்!

இது எல்லாத் துணிக்கும் ஆகாது. ஜார்ஜெட், மெல்லிசு ரேயான்ல என்ன வித்தை பண்ணாலும் தொங்கும். ஹிப்ல மூணு இன்ச்சாவது லூஸ் இல்லாட்டி காட்டன்லயும் போனோட அச்சு அப்படியே தெரியும். அந்த மாதிரி குர்தாவுக்குப் போனை பேண்ட்டுக்கு மாத்துறதுதான் நல்லது.

ஆனா ரெடிமேட் பேண்ட் கதை தனி. 2018ல 'தி புட்டிங்'ங்கிற இணைய இதழ் 20 பிராண்ட் ஜீன்ஸை அளந்து பார்த்தது. பெண்கள் ஜீன்ஸோட முன்பாக்கெட் சராசரியா ஆண்களோடதைவிட 48 சதவீதம் ஆழம் கம்மி. அகலத்துல வித்தியாசம் வெறும் 6.5 சதவீதம்தான். அதாவது வாய் இருக்கு, வயிறு இல்லை. அதனால கடையில வாய்க்குள்ள கைவிட்டுப் பார்த்துட்டு, போனை வச்சு ஒரு தடவை உட்கார்ந்தும் பாருங்க. ஜாக்கெட்ல (பிளேசரைச் சொல்றேன், ரவிக்கையை இல்லை) வாய் மூடித் தச்சிருந்தா உடனே திருப்பி வைக்காதீங்க. உள்பக்கம் தடவிப் பாருங்க. பை தட்டுப்பட்டா அது நிஜப் பாக்கெட், மடிப்புக் கலையாம இருக்கத்தான் தையல், பிரிச்சுடலாம். பையே இல்லாட்டி வெறும் நடிப்பு.

ரெண்டு பாக்கெட்டுக்கும் சேர்த்து 80 ரூபாய் கூடுதல் கூலி. சாவிக்கொத்து மட்டும் இன்னும் துருத்திக்கிட்டுதான் இருக்கு. வளையத்தைக் கழட்டிட்டு வீட்டுச் சாவி ஒண்ணை மட்டும் எடுத்துட்டுப் போறேன்.