ஒரு துண்டுத் துணியும் பெண்ணின் வீடுபேறும்: சமணம் இரண்டாகப் பிரிந்தது எதனால்?

சேந்தமங்கலத்திலோ நாமக்கல்லிலோ 'ஜெயின்' என்று சொன்னால் பலருக்கும் உடனே நினைவுக்கு வருவது 'சேட்டு' கடைதான். ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்து தமிழ்நாட்டில் தொழில் செய்யும் இந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை சுவேதாம்பரப் பிரிவைச் சேர்ந்தவை. அவர்களுடைய துறவிகள் வெள்ளாடை உடுத்துவார்கள். ஆனால் இதே கொங்கு மண்ணில் விஜயமங்கலம் சந்திரபிரபர் கோயில் மாதிரியான பழைய சமணக் கோயில்கள் திகம்பர மரபைச் சேர்ந்தவை. அந்த மரபின் தீர்த்தங்கரர் சிலைகளில் ஆடை இருக்காது. வடதமிழகத்தில் இன்றும் வாழும் தமிழ்ச் சமணர்களான நயினார்களும் திகம்பரர்களே. மேல்சித்தாமூரில்தான் அவர்களுடைய மடம் இருக்கிறது.

மதம் ஒன்று, தீர்த்தங்கரர்கள் 24 பேரும் அதே பேர்தான். அப்புறம் எதற்கு இரண்டு பிரிவு? "ஒருத்தர் துணி உடுத்துவார், ஒருத்தர் உடுத்த மாட்டார்" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவது வழக்கம். அந்தப் பதில் தப்பில்லை. ஆனால் அந்தத் துணிக்குப் பின்னால் இருந்த பெரிய சண்டையை அது மறைத்துவிடுகிறது.

ஆளுக்கொரு கதை

திகம்பரர் சொல்லும் கதையில் வில்லன் பஞ்சம். வடக்கே 12 ஆண்டுப் பஞ்சம் வரப்போகிறது என்று அறிந்த பத்திரபாகு முனிவர், தன் சங்கத்தைத் தெற்கே அனுப்புகிறார். வடக்கிலேயே தங்கிவிட்டவர்கள் பஞ்ச காலத்தில் விதிகளைத் தளர்த்தி, துணி கட்டத் தொடங்கிவிட்டார்கள் என்பது இந்தத் தரப்பின் குற்றச்சாட்டு. பஞ்சம், பத்திரபாகு, தெற்கு நோக்கிய பயணம் மூன்றையும் சொல்லும் பழைய சான்று, கி.பி. 600-ஐ ஒட்டிய சிரவணபெளகொள கல்வெட்டு. அதாவது, நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு எட்டு, ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்டது.

சுவேதாம்பரர் கதை வேறு மாதிரி. சிவபூதி என்ற துறவிக்கு அரசன் விலை உயர்ந்த கம்பளம் ஒன்றைக் கொடுக்கிறான். அவருக்கு அதன் மேல் ஆசை வந்துவிட்டதைக் கவனித்த குரு, அவர் இல்லாத நேரத்தில் அதைக் கிழித்துவிடுகிறார். கோபம் தலைக்கேறிய சிவபூதி, "துணியே வேண்டாம்" என்று எல்லாவற்றையும் களைந்துவிட்டுத் தனிக்கூட்டம் தொடங்கினாராம். சுவாரசியம் என்னவென்றால், இந்தக் கதைப்படி பிரிவினை நடந்தது கி.பி. 82 வாக்கில். திகம்பர ஆசிரியர் தேவசேனர் பத்தாம் நூற்றாண்டில் எழுதிய கணக்கும் கி.பி. 80-ஐ ஒட்டித்தான் வருகிறது. ஆண்டில் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறார்கள், யார் ஓடிப்போனது என்பதில்தான் தகராறு!

இரண்டு கதையுமே, "நாங்கள்தான் மூலம், பிரிந்து போனது நீங்கள்" என்று நிறுவுவதற்காகப் பின்னாளில் எழுதப்பட்டவை. கல்லும் செம்பும் சொல்வது வேறு. குஷாணர் கால மதுராச் சிற்பங்களில் துறவிகள் ஆடையில்லாமல், முன்கையில் மட்டும் ஒரு துண்டைத் தொங்கவிட்டபடி நிற்கிறார்கள். அவர்களை எந்தப் பிரிவில் சேர்ப்பது? ஐந்தாம் நூற்றாண்டில் கடம்ப மன்னன் மிருகேசவர்மன் ஒரு கிராமத்தை மூன்று பங்காக்கினான். ஒன்று அருகன் கோயிலுக்கு, ஒன்று 'சுவேதபட' சங்கத்துக்கு, இன்னொன்று 'நிர்கிரந்த' சங்கத்துக்கு, அதாவது ஆடையில்லாத் துறவியருக்கு. ஒரே செப்பேட்டில் இரண்டு பேருக்கும் பங்கு இருக்கிறது. அதற்குள் தனித்தனிப் பெயரோடு இரண்டு அமைப்புகளாகிவிட்டார்கள், ஆனால் ஒரே ஊரின் விளைச்சலில் சாப்பிட முடிந்திருக்கிறது. ஒரே நாளில் கம்பளம் கிழிந்த மாதிரி நடந்த பிரிவினை அல்ல இது. சில நூற்றாண்டுகளாக நைந்து நைந்து பிரிந்தது.

பெண்ணுக்கு வீடுபேறு உண்டா?

அப்படியானால் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவே முடியாமல் போன புள்ளி எது? பெண்.

திகம்பர வாதம் படிப்படியாகப் போகிறது. துணி என்பது உடைமை. அதைக் காப்பாற்ற வேண்டும், துவைக்க வேண்டும், தொலைந்தால் தேட வேண்டும். வெட்கம் இருக்கும்வரை உடல் மீதான பற்றும் இருக்கிறது. எல்லா உடைமையையும் விட்டவரே முழுத் துறவி, முழுத் துறவிக்கே வீடுபேறு. பெண் ஆடையைத் துறக்க முடியாது. ஆகவே அவர் எவ்வளவு தவம் செய்தாலும் அடுத்த பிறவியில் ஆணாகப் பிறந்துதான் வீடுபேறு அடைய முடியும். இதை அழுத்திச் சொன்னவர் குந்தகுந்தர். தமிழ்ச் சமண மரபு அவரை வந்தவாசி அருகே பொன்னூர் மலையோடு இணைத்துப் போற்றுகிறது.

சுவேதாம்பரர் முதல் படியிலேயே மறுக்கிறார்கள். பற்று இருப்பது மனதில், துணியில் இல்லை. பூச்சி மிதிபடாமல் விலக்க மயிற்பீலி வைத்திருக்கிறீர்களே, அது உடைமை இல்லையா என்று திருப்பிக் கேட்கிறார்கள். அவர்கள் மரபில் 19-ஆம் தீர்த்தங்கரர் மல்லி ஒரு பெண். திகம்பரருக்கு அவர் மல்லிநாதர், ஆண்.

இந்த இருவருக்கும் நடுவில் யாபனீயர் என்று மூன்றாவதாக ஒரு கூட்டம் கர்நாடகத்தில் இருந்தது. அவர்களுடைய துறவிகள் ஆடை உடுத்தவில்லை, ஆனால் பெண்ணுக்கு வீடுபேறு உண்டு என்றார்கள். அவர்களில் ஒருவரான சாகடாயனர் ஒன்பதாம் நூற்றாண்டில் இதற்காகவே தனி நூல் எழுதினார். "பெண்ணால் ஏழாம் நரகத்துக்குப் போகும் அளவுக்குப் பாவம் செய்ய முடியாது, அதனால் உச்சிக்கும் போக முடியாது" என்பது எதிர்த்தரப்பு வாதம். அவர் பதில் எளிமையானது: வீடுபேறு அடையப்போகும் ஆணும்தான் அந்தப் பிறவிக்குப் பின் ஏழாம் நரகத்துக்குப் போவதில்லை, அவரைத் தடுக்காத ஒன்று பெண்ணை மட்டும் ஏன் தடுக்கும்? யாபனீயர் பின்னாளில் மறைந்து போனார்கள். இழப்பு சமணத்துக்குத்தான்.

வேடல் சொல்வது

விதி அப்படி இருக்க, திகம்பரம் வேரூன்றிய தமிழ்நாட்டில் பெண் துறவிகள் மூலையில் உட்கார்ந்திருக்கவில்லை. அவர்களுக்கு 'குரத்தி' என்று பெயர், குருவின் பெண்பால். வந்தவாசி அருகே வேடல் என்ற ஊரில், முதலாம் ஆதித்த சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 885 வாக்கில் வெட்டிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. குணகீர்த்தி படாரரின் மாணவி கனகவீரக் குரத்தியார். அவரிடம் படித்தவர்கள் ஐந்நூறு பேர். நானூறு பேர் கொண்ட இன்னொரு துறவியர் குழுவோடு அவர்களுக்குத் தகராறு வருகிறது. கடைசியில் ஊரார் தலையிட்டு, குரத்தியாரையும் அவருடைய மாணவர்களையும் காப்பாற்றிச் சோறு போடுவது எங்கள் பொறுப்பு என்று ஏற்கிறார்கள்.

இதைத் திகம்பர-சுவேதாம்பரச் சண்டையாகப் படிக்க இடமில்லை. ஆனால் ஒரு மதம் தன் நூலில் பெண்ணுக்குக் கதவைச் சாத்திய அதே காலத்தில், ஊர் ஒன்று ஐந்நூறு பேருக்குப் பாடம் சொல்லும் பெண்ணின் பக்கம் நின்றிருக்கிறது. நூலை மட்டும் படித்துச் சமணத்தை எடைபோடுகிறவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். அதேபோல, குரத்தியரைக் காட்டி "எங்களிடம் பாகுபாடே இல்லை" என்று பெருமைப்படுகிறவர்களும் பாதியைத்தான் சொல்கிறார்கள். ஐந்நூறு மாணவர் இருந்தும், கனகவீரக் குரத்தியாருக்கு அந்தப் பிறவியில் வீடுபேறு இல்லை என்பதே அவர் சார்ந்த மரபின் தீர்ப்பு. இன்றும் திகம்பரப் பெண் துறவிகளான ஆர்யிகைகள் உடுத்துவது வெள்ளைச் சேலை. அவர்களுடைய விரதம் ஆண் துறவியின் விரதத்துக்கு ஒரு படி கீழேதான் வைக்கப்படுகிறது.

அறுபது ஆண்டு கழித்து, முதலாம் பராந்தகனின் 38-ஆம் ஆட்சியாண்டில், ஆற்காடு பக்கத்து விளாப்பாக்கத்தில் இன்னொரு குரத்தியின் பெயர் கல்லில் ஏறியது. அவர் திருப்பான்மலை அரிட்டநேமி படாரரின் மாணவி பட்டினிக் குரத்தியடிகள். அவர் செய்ததாகக் கல்வெட்டு சொல்வது, ஊரில் ஒரு கிணறு வெட்டியதை.