கருத்தாளர் கட்டணம்: மூவரும் சேர்ந்து போட வேண்டிய கணக்கு

தொண்டு நிறுவனங்களின் திட்ட வரவு செலவில் யோசனையே இல்லாமல் நிரப்பப்படும் இனம் ஒன்று உண்டென்றால் அது கருத்தாளர் கட்டணம்தான். போன திட்டத்தில் என்ன இருந்ததோ அதையே எடுத்துப் போடுகிறோம். இல்லையென்றால், "மாதம் 50,000 சம்பளம் வாங்கக்கூடியவர், 25 வேலை நாள், ஆக நாளுக்கு 2,000" என்று வகுத்து முடித்துவிடுகிறோம். இந்த வகுத்தல் தவறு.

சம்பளக்காரருக்கு விடுப்பு நாளிலும் ஊதியம் உண்டு. தனித்து இயங்கும் பயிற்சியாளருக்கு அது இல்லை. ஞாயிறு, பண்டிகை, உடல்நலக் குறைவு போக ஆண்டில் 250 நாள் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி அடுத்த வேலையைத் தேடுவதிலும், பயணத்திலும், கட்டணமில்லாத கூட்டங்களிலும் போய்விடும். கூலி கிடைப்பது ஏறத்தாழ 120 நாளுக்குத்தான். அதே 6 லட்சம் ரூபாய் ஆண்டு வருமானத்தை அவர் எட்ட வேண்டுமானால் நாளுக்கு 5,000 ஆகிறது. மருத்துவக் காப்பீடும் சேமநிதியும் அவர் கையிலிருந்தே போக வேண்டும் என்பதை இன்னும் சேர்க்கவில்லை.

நாள் எண்ணிக்கையிலும் இதே குறை. சுய உதவிக் குழுக் கணக்காளர்களுக்கு மூன்று நாள் பயிற்சி என்றால், மூன்று நாள் மட்டும் எழுதுகிறோம். பாடக் குறிப்புத் தயாரிக்க இரண்டு நாள், அறிக்கைக்கு ஒரு நாள் சேர்த்தால் அது ஆறு நாள் வேலை, 30,000 ரூபாய். இரண்டாவது அணிக்குக் குறிப்பு கையில் இருப்பதால் தயாரிப்புக்கு ஒரு நாள் போதும். ஐந்து நாள், 25,000. மொத்தம் 55,000. மூன்று நாளுக்குப் பணம் கொடுத்துவிட்டு ஆறு நாள் வேலையை எதிர்பார்த்தால், பழைய பாடக் குறிப்பு பெயர் மட்டும் மாறி வந்து சேரும்.

கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு ஈடாக என்ன வரும் என்பதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். "பயிற்சி நடத்தித் தரப்படும்" என்ற வாசகம் எதையும் உறுதி செய்வதில்லை. தமிழில் பாடக் குறிப்பு, பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுத்த தேர்வுத் தாள்கள், ஒவ்வொருவரும் தன் கையால் எழுதிய மாதிரிப் பேரேடு, ஏழு நாளுக்குள் அறிக்கை. இவை கருத்தாளர் கையில் இருக்கும் காரியங்கள். "பெண்களின் வருமானம் உயரும்" என்பது அவர் கையில் இல்லாதது. அதை நிபந்தனையாக்கிப் பணத்தை நிறுத்திவைப்பது நியாயமில்லை. அறிக்கை கிடைத்த எத்தனை நாளுக்குள் நிறுவனம் ஒப்புதலோ திருத்தமோ சொல்லும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

மனக்கசப்பு அதிகம் வருவது டி.டி.எஸ். விஷயத்தில்தான். அறக்கட்டளையோ சங்கமோ, தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். ஒரு நிதியாண்டில் ஒருவருக்குத் தரும் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால் இது பொருந்தும். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000. முதல் பயிற்சிக்கு 30,000 தானே என்று பிடிக்காமல் விட்டால், இரண்டாவதில் மொத்தம் 55,000 ஆகி, 5,500 முழுதையும் ஒரே தவணையில் பிடிக்க நேரும். 25,000 எதிர்பார்த்தவர் கைக்கு 19,500 வரும். ஆண்டுக்கு இரண்டு பயிற்சி என்று முன்பே தெரியுமென்றால், முதலிலிருந்தே 3,000, 2,500 என்று பிடிப்பதே முறை. பான் எண் இல்லாவிட்டால் பிடித்தம் 20 சதவீதம். பேருந்து, ரயில் செலவை டிக்கெட்டோடு தனிப் பில்லாக வாங்குங்கள். கட்டணத்தோடு கலந்தால் அதிலும் பிடித்தம் விழும்.

"கையில் 55,000 தருகிறோம்" என்று வாய்வார்த்தை கொடுத்துவிடுவதும் உண்டு. அப்படியானால் கட்டணம் 61,111 ஆக வேண்டும். கூடுதல் 6,111 எந்த இனத்திலும் இருக்காது. ஆகவே ஒப்பந்தத்தில் "பிடித்தத்துக்கு உட்பட்ட மொத்தத் தொகை" என்றே எழுத வேண்டும். செலவுக் கணக்கிலும் முழு 55,000 ஏற வேண்டும். வங்கியில் போன 49,500-ஐ மட்டும் காட்டினால் பயன்பாட்டுச் சான்றிதழ் பொருந்தாது.

பிடித்ததை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் (மார்ச் மாதத்துக்கு ஏப்ரல் 30) கட்டி, காலாண்டு விவர அறிக்கை தாக்கல் செய்தால்தான் அது கருத்தாளரின் பான் கணக்கில் தெரியும். 6 லட்சம் வருமானக்காரருக்குப் புதிய வரி முறையில் வரியே இல்லை. அவர் கணக்குத் தாக்கல் செய்தால் 5,500-ம் திரும்பி வரும். நிறுவனம் கட்டாமல் வைத்திருந்தால், அது இன்னொருவர் உழைப்பின் பணத்தை வைத்திருப்பதாகும்.

நிதி வழங்குவோர் தயாரிப்பு நாட்களை ஏற்க வேண்டும். நிறுவனங்கள் பிடித்தத்தை முன்பே சொல்லி, நேரத்தில் கட்டி, டி.டி.எஸ். சான்றிதழ் தர வேண்டும். கருத்தாளர்கள் பான் எண்ணும் பில்லும் தந்து, ஒப்புக்கொண்டதை ஒப்புக்கொண்ட நாளில் முடிக்க வேண்டும். அடுத்த திட்ட முன்மொழிவை அனுப்புவதற்கு முன் மூன்று தரப்பும் ஒருமுறை உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போடுங்கள்.