குறும்படம் ஏன் சனிக்கிழமை?

முதல்லயே சொல்லிடறேன். பிக்பாஸ் பார்க்கிறவங்களைத் திட்டற பதிவு இல்லை இது. நானும் பார்க்கிறவன்தான். ஆனா "எல்லாமே ஸ்கிரிப்ட் மச்சி"ன்னு நம்ம வகுப்புல ஒரு கோஷ்டி சுத்துதே, அவங்களோடதான் இன்னைக்கு சண்டை. ஸ்கிரிப்ட் எதுக்குங்க? ஒரு வாரத்துக்கான நேர அட்டவணையே போதும்.

அட்டவணை தெரிஞ்சதுதான். திங்கட்கிழமை நாமினேஷன். ஆளாளுக்கு கன்ஃபெஷன் ரூமுக்குப் போய் ரெண்டு பேர் பெயரையும் காரணத்தையும் சொல்லணும். அந்த வாரத் தலைவரை நாமினேட் பண்ண முடியாது. அன்னிக்கு ராத்திரி ஓட்டு ஆரம்பிச்சு வெள்ளி இரவு முடியும். நடுவுல டாஸ்க். சனிக்கிழமை தொகுப்பாளர் வந்து பஞ்சாயத்து, ஞாயிறு எலிமினேஷன். கமல் இருந்த ஏழு சீசனும் சரி, 2024ல் விஜய் சேதுபதி வந்த எட்டாவது சீசனும் சரி, எலும்புக்கூடு இதுதான்.

இதுல விஷமம் எங்கேன்னு புரிய ஒரு வாரத்தை எடுத்துக்குவோம். 2022, ஆறாவது சீசன், மூணாவது வாரம், பொம்மை டாஸ்க். ஒவ்வொரு பொம்மை மேலயும் ஒரு போட்டியாளர் பெயர் இருக்கும். பஸ்ஸர் அடிச்சதும் ஓடிப் போய் அடுத்தவர் பெயர் போட்ட பொம்மையை எடுத்துட்டு வந்து பொம்மை வீட்டுக்குள்ள வைக்கணும். உள்ள இடம் பத்தாது. யாரோட பொம்மை வெளியே நிக்குதோ அவர் அவுட்.

கொஞ்சம் யோசிங்க. என் கதி உங்க கையில, உங்க கதி இன்னொருத்தர் கையில. நான் எவ்வளவு வேகமா ஓடினாலும் என்னை நானே காப்பாத்திக்க முடியாது. அப்ப தோத்தவனுக்கு "நான் சரியா ஆடலை"ன்னு தோணாது, "இவன் என்னை வேணும்னே விட்டுட்டான்"னுதான் தோணும். போதாததுக்கு குறுகலான வாசல், எல்லாரும் ஒரே நேரத்துல ஓடணும். தள்ளுமுள்ளு வராம என்ன வரும்? வசனம் எழுதித் தரவே வேணாம். விதியை எழுதினவரே சண்டையையும் எழுதிட்டார்.

நடந்ததும் அதுதான். ஓட்டத்துல ஷெரினா கீழே விழுந்தாங்க. தனலட்சுமிதான் தள்ளி விட்டாங்கன்னு வீட்டுக்குள்ள குற்றச்சாட்டு. அந்தப் பொண்ணு "நான் தள்ளலை"ன்னு கத்தினது எடுபடலை. சனிக்கிழமை கமல் வந்து குறும்படம் போட்டார். தனலட்சுமி தள்ளலைன்னு தெரிஞ்சது. கைதட்டல். நீதி வென்றதுன்னு நாமளும் சிலிர்த்தோம்.

என் கேள்வி ஒண்ணே ஒண்ணு. அந்தக் காட்சி சனிக்கிழமையா எடுத்தாங்க? அவங்க விழுந்த நிமிஷமே கேமராவுக்கு உண்மை தெரியும். அந்த சீசன்ல இருந்து 24 மணி நேர லைவ் வேற ஹாட்ஸ்டார்ல ஓடுச்சு. அதே பிக்பாஸ் குரல், மைக்கை ஒழுங்கா மாட்டலைன்னா உடனே பெயர் சொல்லிக் கூப்பிடும். பழி விழுந்த ஆளுக்காக மட்டும் வாயைத் திறக்காது. சனிக்கிழமைக்குச் சரக்கு வேணுமே :-)

இதைவிட மோசம், ஓட்டு வெள்ளி ராத்திரியே முடிஞ்சிருக்கும். சாட்சி சனிக்கிழமை. தீர்ப்பு எழுதி முடிச்சப்புறம் சாட்சியைக் கூண்டுல ஏத்தற கோர்ட் எந்த ஊர்ல இருக்கு? பழி சுமக்கிற ஆள் நாமினேஷன்ல இருக்கிற வாரம்னா, அந்தப் பழியோடயே அவருக்கு ஓட்டு விழும்.

"லைவ்ல பார்த்துக்கலாமே"ன்னு சொல்லாதீங்க. வேலை வெட்டி உள்ளவன் பார்க்கிறது ராத்திரி ஒரு மணி நேரம் வெட்டி ஒட்டினதைத்தான். அதுல எது இருக்கணும்னு முடிவு பண்றது யாரு?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்னா, அப்ப நான் பிளஸ் டூ. ட்யூஷன் வாட்ஸப் குழுவுல அந்தப் பொண்ணைப் பத்தி நானும் ஒரு வரி எழுதினேன். இங்கே எழுதக்கூடிய வரி இல்லை அது. இருபது பேர் சிரிச்சு வெச்சாங்க. சனிக்கிழமை குறும்படம் முடிஞ்சப்புறம் அழிக்கலாம்னு போனா, நேரம் கடந்து போயிருந்தது, எல்லாருக்கும் அழியலை. மன்னிப்பு கேட்கலாம்னா யார்கிட்ட கேட்கிறது? குழுவுல அதுக்குள்ள அடுத்த ஆளைத் திட்ட ஆரம்பிச்சிருந்தாங்க. ஷெரினாவை.

குறும்படத்தை வியாழக்கிழமை எபிசோட்ல போடட்டும், ஓட்டு முடியறதுக்கு ஒரு நாள் முன்னாடி. பைசா செலவில்லை, காட்சி கையிலதான் இருக்கு. போட மாட்டாங்க. வியாழக்கிழமையே முடிச்சு அவிழ்ந்துட்டா சனிக்கிழமை தொகுப்பாளர் வந்து எதை அவிழ்ப்பார்?

ஸ்கிரிப்ட் கோஷ்டி பின்னூட்டத்துல வரலாம். திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க, போட்டியாளர்களை வேணாம்.