பப்ஸுக்குப் போட்டி ஒரு தொன்னை சுண்டல்!

"வீட்ல பார்த்துப் பார்த்து சமைச்சுப் போடறோம். ஸ்கூலுக்குப் போனதும் கான்டீன் பப்ஸை வாங்கித் தின்னுட்டு, டிபன் பாக்ஸை அப்படியே திருப்பிக் கொண்டு வருதுங்க!" என்று அங்கலாய்க்காத அம்மா உண்டா?

பெற்றோர் - ஆசிரியர் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து, "கான்டீன்ல சத்தான அயிட்டமா வைங்க சார்" என்பார். பிரின்சிபாலும் தலையாட்டுவார். அடுத்த திங்கட்கிழமை முளைகட்டிய பயறும் கேழ்வரகுக் கூழும் கான்டீனுக்கு வரும். பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். பாதிக்கு மேல் குப்பைக்குப் போகும். இரண்டே வாரத்தில் பப்ஸ் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்களே இப்படித்தான்" என்று பழியை அவர்கள் தலையில் போடுவது சுலபம். "கான்டீன்காரருக்கு லாபம்தான் குறி" என்று சொல்வது அதைவிட சுலபம். என்னைக் கேட்டால், தப்பு மெனு போடுகிற விதத்தில்தான் இருக்கிறது. சத்தை மட்டும் பார்த்து மெனு போடுகிறோம். பிள்ளைகள் எப்படி வாங்குகிறார்கள், கான்டீன்காரருக்கு என்ன மிஞ்சுகிறது என்ற இரண்டையும் யாரும் கேட்பதே இல்லை.

பத்தே நிமிஷம்!

காலை இன்டர்வெல் பெரும்பாலான பள்ளிகளில் பத்து, பதினைந்து நிமிஷம்தான். அதற்குள் பாத்ரூம் போக வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், கொஞ்சம் ஓடிப் பிடித்து விளையாடவும் வேண்டும். ஒரு பிள்ளைக்குப் பத்து விநாடி என்று வைத்தாலும், ஒரு ஜன்னலில் பத்து நிமிஷத்தில் 60 பேருக்குத்தான் கொடுக்க முடியும். சில்லறை தேட ஆரம்பித்தால் அதுவும் பாதியாகிவிடும்.

பப்ஸ் ஏன் ஜெயிக்கிறது என்று இப்போது புரிகிறதா? எடுத்து நீட்டினால் போதும். ஒரு கையில் பிடித்துக்கொண்டு நடந்தபடியே தின்னலாம். தட்டு, ஸ்பூன் வேண்டாம், கை கழுவ வேண்டாம். தோசை எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்கும். ஆனால் கல்லில் ஒன்று வேக இரண்டு நிமிஷம் ஆகும். சின்ன கான்டீனின் இன்டர்வெல்லுக்கு அது சரிப்படாது.

பள்ளிக்கூட வாசலில் கூடை வைத்து உட்காரும் பாட்டிகளைக் கவனித்திருக்கிறீர்களா? முழுக் கொய்யாவைப் பிள்ளைகள் சீந்தமாட்டார்கள். அதையே நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவினால் கூட்டம் மொய்க்கும். நெல்லிக்காயும் மாங்காய்க் கீற்றும் அப்படித்தான். பிள்ளைகளுக்கு வேண்டியது சுருக்கென்று ஒரு காரம், புளிப்பு, கைக்கு அடக்கமாக ஒரு பங்கு, கையில் இருக்கும் காசுக்கு ஒரே விலை. அந்த உருவத்தில் வந்தால் சத்தான பண்டத்தையும் வாங்குவார்கள். "உடம்புக்கு நல்லது" என்று போர்டு எழுதி வைத்தால் மட்டும் வாங்கமாட்டார்கள்!

சுண்டல் கணக்கு

கான்டீனுக்கு ஏற்ற பண்டம் என்று நான் முதலில் சொல்வது சுண்டலைத்தான். வாருங்கள், கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். நான் போடும் விலை சுமாரானது. உங்கள் ஊர் விலையை வைத்து நீங்களும் போட்டுப் பாருங்கள்.

கறுப்புக் கொண்டைக்கடலை 2 கிலோ, 200 ரூபாய். ராத்திரி ஊறவைத்துக் காலையில் வேகவைத்தால் நாலு கிலோவுக்கு மேல் வரும். ஒரு தொன்னைக்கு 75 கிராம் என்று போட்டால் 55 பங்கு. எண்ணெய், தாளிப்பு, தேங்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் சேர்த்து 80 ரூபாய். கேஸ் 30 ரூபாய். தொன்னை ஒன்று ஒரு ரூபாய் வீதம் 55 ரூபாய். ஆக மொத்தம் 365 ரூபாய். ஒரு தொன்னை பத்து ரூபாய்க்கு விற்றால் 550 ரூபாய் கிடைக்கும். மிச்சம் 185.

சத்து? ஒரு தொன்னையில் சுமார் 36 கிராம் கடலை இருக்கிறது. அதில் புரதம் மட்டும் ஆறு, ஏழு கிராம். கிட்டத்தட்ட ஒரு முட்டைக்குச் சமம். கடலையில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எளிதில் ஏற்றுக்கொள்ளாது. எலுமிச்சைச் சாற்றில் உள்ள வைட்டமின் சி அதற்குக் கைகொடுக்கும். அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமினும் போகும், கசப்பும் தட்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கான்டீன்காரர் ஏன் செய்யமாட்டேன் என்கிறார்? அவர் பயம் மிச்சத்தில் இருக்கிறது. 37-வது தொன்னை விற்ற பிறகுதான் அவர் போட்ட முதலே திரும்பி வருகிறது. 55-ல் 15 தேங்கிவிட்டால் கையில் நிற்பது வெறும் 35 ரூபாய். தேங்காய் போட்ட சுண்டலை சாயங்காலம்வரை வைத்திருக்கவும் முடியாது. பப்ஸில் இந்தத் தலைவலி கிடையாது. 12 ரூபாய்க்கு வாங்கி 15-க்கு விற்றால் அடுப்பே பற்றவைக்காமல் மூன்று ரூபாய். விற்காத பப்ஸை பேக்கரிக்காரரே திருப்பி எடுத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு.

இதன் மேல் வாடகை வேறு! மாதம் 8,000 ரூபாய் வாடகை, 20 வேலை நாள் என்று வையுங்கள். நாளுக்கு 400 ரூபாய். தினமும் பத்து ரூபாய் பண்டம் 200 விற்கிறது என்றால், ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு ரூபாய் வாடகை ஏறி உட்காருகிறது. சுண்டலில் கிடைப்பது மூன்றரை ரூபாய்கூட இல்லை. அதில் வாடகை போக மிஞ்சுவது ஒன்றரை ரூபாய்க்கும் கீழே. சமைக்கிற அம்மாவுக்குக் கூலியும் இதிலிருந்துதான்!

ஆகவே கான்டீனை ஏலம் விட்டு, அதிக வாடகை தருகிறவருக்குக் கொடுக்கும் பள்ளி, "சத்தான உணவு விற்கணும்" என்று அவரிடமே சொல்வதில் அர்த்தமில்லை. வாடகையே வேண்டாம், கரண்ட் செலவை மட்டும் கொடுங்கள் என்று விட்டுவிடுங்கள். பதிலுக்கு மெனுவும் விலையும் பள்ளி சொல்வதுதான் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு முதல் இரண்டு வாரம், தினமும் பத்து தொன்னை வரை தேங்கினால் பெற்றோர் சங்கம் வாங்கிக்கொள்ளட்டும். ஆசிரியர்கள், ஆயாக்கள், வேன் டிரைவர்கள் சாப்பிடலாமே. நாளுக்கு 100 வீதம் பத்து நாளுக்கு அதிகபட்சம் ஆயிரம் ரூபாய்தான். கான்டீன்காரரின் பயம் அதிலேயே போய்விடும்.

ஐந்தே அயிட்டம்

சின்ன கான்டீனில் பதினைந்து அயிட்டம் வைத்தால் பதினைந்திலும் மிச்சம் விழும். ஒரு நாளைக்கு ஐந்து போதும். நாலு தினமும் இருப்பது, ஒன்று மட்டும் கிழமைக்கு மாறுவது.

தினமும் இருப்பவை: அவித்த முட்டை (சைவப் பள்ளி என்றால் அவித்த வேர்க்கடலை), உப்பு மிளகாய் தூவிய பழத் துண்டு, கடலை மிட்டாய், நீர்மோர். பழம் அந்தந்த சீசனில் மலிவாகக் கிடைப்பதாக இருக்கட்டும். ஒரு லிட்டர் தயிரில் மூன்று லிட்டருக்குக் குறையாமல் மோர் வரும். ஐந்து ரூபாய்க்கே ஒரு டம்ளர் கொடுக்கலாம். டம்ளர் எவர்சில்வராக இருக்கட்டும், கழுவுவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

மாறுவது: திங்கள் கொண்டைக்கடலை சுண்டல். செவ்வாய் பொடி தடவிய மினி இட்லி. புதன் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல். வியாழன் அடைத் துண்டு. வெள்ளி பாசிப்பயறு சுண்டல். அடையைக் காலையிலேயே வார்த்து, நாலாக வெட்டி, மூடிவைத்து விற்கலாம். சாம்பார், சட்னி என்று ஊற்றிக் கொடுக்கிற எதுவும் இன்டர்வெல்லுக்கு ஆகாது.

பங்கைப் பெரிதாக்க ஆசைப்படாதீர்கள். இன்டர்வெல் முடிந்து ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் மதியச் சாப்பாடு. 75 கிராமுக்கு மேல் கொடுத்தால் டிபன் பாக்ஸ் மறுபடி அப்படியே திரும்பி வரும்.

விலை ஐந்து அல்லது பத்து, நடுவில் எதுவும் வேண்டாம். சில்லறைத் தொல்லை தீர, திங்கட்கிழமையே டோக்கன் விற்றுவிடலாம். தொன்னை எல்லாவற்றையும் மணி அடிப்பதற்கு முன்பே நிரப்பி, மூடிவைத்துத் தயாராக இருக்கவேண்டும். நியூஸ்பேப்பரில் மட்டும் பொட்டலம் கட்டாதீர்கள். அச்சு மை எண்ணெயில் ஊறி உணவில் இறங்கும்.

குப்பைத் தொட்டியைப் பாருங்கள்!

மெனு சரியா, தப்பா என்று பிள்ளைகளைக் கேட்டால் "சூப்பர் மிஸ்" என்பார்கள். குப்பைத் தொட்டி பொய் சொல்லாது. தொன்னையில் பாதி சுண்டல் கிடந்தால், கடலை வேகவில்லை என்று அர்த்தம். எட்டு மணி நேரமாவது ஊறவேண்டும். வெந்ததை இரண்டு விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும். வெயில் காலத்தில் ஊறிய தண்ணீர் நுரைத்துப் புளித்த வாடை அடித்தால், அந்தக் கடலையைக் கொட்டிவிடுங்கள். தேங்காயை ஒரேயடியாகக் கலக்காமல், நிரப்பப் போகும் அளவுக்கு மட்டும் கலந்தால் மீதி சீக்கிரம் கெடாது. மதியச் சாப்பாடு முடிந்தும் தேங்கியது சாயங்காலம் விற்பனைக்கு வரக்கூடாது. இதில் மட்டும் தாட்சண்யமே கூடாது.

ஒரு நோட்டில் தினமும் இரண்டே எண் எழுதச் சொல்லுங்கள். எத்தனை செய்தது, எத்தனை மிஞ்சியது. பத்து நாளில் எது ஓடும், எத்தனை போடலாம் என்று தெரிந்துவிடும். மூன்று வாரம் தொடர்ந்து பாதி தேங்குகிற பண்டத்தை, எவ்வளவு சத்தானதாக இருந்தாலும், எடுத்துவிடுங்கள். வயிற்றுக்குள் போகாத சத்தால் யாருக்கு என்ன லாபம்?

பப்ஸை எப்போது நிறுத்துவது? கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமுள்ள பண்டங்களைப் பள்ளி கான்டீனிலும், பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி கொண்டுவந்துவிட்டது. நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் பப்ஸ் தட்டு காலியாகிற அன்றே சுண்டல் தொன்னை அந்த இடத்தில் இருக்கவேண்டும். வெறும் தட்டை வைத்தால், பிள்ளைகள் சாயங்காலம் கேட்டைத் தாண்டிப் போய் அதையே வாங்குவார்கள்.

அடுத்த பெற்றோர் - ஆசிரியர் கூட்டத்தில், "கான்டீன்ல என்ன விக்கறீங்க?" என்று கேட்பதற்கு முன்னால், "கான்டீனுக்கு என்ன வாடகை வாங்கறீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்களேன்!